பெங்களூரு வீட்டுக்கு எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் தேவை? ஓடும் வாட்டையும் தொடக்க இழுவையையும் கூட்டிப் பார்க்கும் முறை

வீட்டிலுள்ள பொருள்களின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்களை எல்லாம் எழுதிக் கூட்டி, வந்த தொகைக்குச் சற்று மேலான ஜெனரேட்டரை வாங்கிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி வாங்கிய ஜெனரேட்டரில் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், டிவியும் ஓடும். ஆனால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக மோட்டார் ஸ்விட்சைப் போட்டவுடன் விளக்குகள் மங்கிவிடும். மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். சில நொடிகளில் ஜெனரேட்டரின் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்துவிடும். கூட்டலில் பிழை இருந்திருக்காது. கூட்ட வேண்டிய எண்களில் ஒன்று அந்தப் பட்டியலுக்குள் வராமலே போயிருக்கும்.

விடுபட்ட அந்த எண் மோட்டாரின் தொடக்க இழுவை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தன் சுழற்சியினாலேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கும். வேகம் கூடக் கூட இழுவை குறைந்து, பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வழக்கமான அளவுக்கு வந்துவிடும். பெஸ்காம் இணைப்பில் இதை நாம் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு அந்த ஒரு நொடி ஒரு பொருட்டே அல்ல. வீட்டு ஜெனரேட்டருக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

எனவே ஜெனரேட்டரின் அளவைக் கணக்கிடும்போது இரண்டு தொகைகளைத் தனித்தனியே போட வேண்டும். முதலாவது, ஒரே சமயத்தில் ஓடக்கூடிய எல்லாப் பொருள்களின் ஓடும் வாட். இரண்டாவது, அவை ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பதிலேயே பெரிய மோட்டார் புதிதாகத் தொடங்கினால் அந்தக் கணத்தில் எழும் தேவை. எல்லா மோட்டார்களின் தொடக்க இழுவையையும் கூட்ட வேண்டியதில்லை. இரண்டு மோட்டார்கள் அதே அரை நொடியில் தொடங்குவது அபூர்வம்; அப்படி நேரும் ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதைத் தவிர்க்கும் வழியைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் படி: பட்டியலை வெட்டுவது

ராமமூர்த்தி நகர்ப் பக்கத்தில் இரண்டு மாடிகள் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தும் இடமும் நிலத்தடிச் சம்ப்பும் இருக்கின்றன. காவிரி நீர் வாரத்தில் சில நாள்கள் மட்டும் வருவதால் ஒரு போர்வெல்லும் உண்டு. போர்வெல் தண்ணீரை 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் சம்ப்பில் நிரப்புகிறது; சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு 0.5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் ஏற்றுகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து மழையோடு மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆகிறது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் இருவருக்கு அது தாங்காது. ஜெனரேட்டர் தேடுவது அதனால்தான்.

இந்த வீட்டில் கீசர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ் எல்லாம் இருக்கின்றன. இவற்றுள் முதல் மூன்றுக்கும் தொடக்க இழுவை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனால் ஓடும் வாட்டே மிகப் பெரியது. சேமிப்புக் கீசர் ஒன்று மட்டும் 2,000 வாட் எடுக்கும். கேஸ் அடுப்பு உள்ள வீட்டில், மின்வெட்டின்போது இவற்றை ஓட்டியே ஆக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அவரிடம் பெட்ரோல் செலவைச் சொல்வதே போதுமான பதில். நான்கையும் நீக்கிவிடுவோம்.

எஞ்சியவை எட்டு எல்இடி விளக்குகள், நான்கு மின்விசிறிகள், 260 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று, டிவி, வைஃபை ரவுட்டர், இரண்டு லேப்டாப், மிக்ஸி, சம்ப் மோட்டார். போர்வெல் மோட்டாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதே இந்தக் கணக்கின் மையமான முடிவு. அதைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் பேட்டரி இன்வெர்ட்டர் அதை வெளி மின்சாரம் என்றே எடுத்துக்கொண்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் அதற்கு 250 வாட் அளவு தேவைப்படலாம். மின்வெட்டு நீண்ட பிறகுதான் ஜெனரேட்டரைப் போடுகிறோம் என்பதால், ஏறக்குறைய எப்போதும் பேட்டரி பசியோடுதான் இருக்கும்.

இரண்டாம் படி: ஓடும் வாட்டை அளப்பது

சிறிய பொருள்களுக்கு அவற்றின் மேல் எழுதியிருப்பதே போதும். விளக்குகளுக்கு 80, பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 70 வீதம் நான்குக்கு 280, டிவிக்கு 90, ரவுட்டருக்கு 15, லேப்டாப் இரண்டுக்கும் 130 என்று வைக்கலாம். புதிய பிஎல்டிசி மின்விசிறிகள் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும்.

மோட்டார்களில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 0.5 எச்.பி. என்பதும் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 0.37 கிலோவாட் என்பதும் மோட்டாரின் அச்சு வெளியே தரும் திறன். அதைத் தருவதற்கு மோட்டார் உள்ளே எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இதைவிட மிக அதிகம். சிறிய ஒரு-ஃபேஸ் மோட்டார்களில் ஒன்றரை மடங்குக்கு மேலும் போகும். 370 என்று எழுதிக் கணக்கைத் தொடங்கியவர் முதல் வரியிலேயே தவறிவிடுகிறார்.

உண்மையான அளவை அறிய வாசலில் இருக்கும் மின்மீட்டரே போதும். அதில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அதன் அருகே `3200 imp/kWh` போன்ற எண் ஒன்று எழுதியிருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் செலவானால் விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்பது இதன் பொருள். இன்வெர்ட்டர் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
வாட் = நிமிடச் சிமிட்டல் × 60000 ÷ மீட்டரில் உள்ள எண்
```

3200 என்று எழுதிய மீட்டரில் ஒரு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் 18.75 வாட். நம் வீட்டின் சம்ப் மோட்டார் ஓடும்போது நிமிடத்துக்கு 32 சிமிட்டல் வருகிறது என்று கொண்டால், அது எடுப்பது 600 வாட். பெயர்ப்பலகையின் 370-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் போன்ற சிறிய சுமைக்கு ஒரு நிமிடம் போதாது; கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கும்போது ஐந்து நிமிடம் எண்ணி, ஐந்தால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் அது 150 வாட்.

இப்போது எப்போதும் ஓடும் சுமையைக் கூட்டலாம். விளக்கு 80, மின்விசிறி 280, ஃப்ரிட்ஜ் 150, டிவி 90, ரவுட்டர் 15, லேப்டாப் 130, பேட்டரி சார்ஜ் 250. மொத்தம் 995, அதை 1,000 வாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த அடிச்சுமையோடு சம்ப் மோட்டார் ஓடினால் 1,600 வாட். மோட்டாருக்குப் பதிலாக 750 வாட் மிக்ஸி ஓடினால் 1,750 வாட். சட்னி அரைக்கும் ஐந்து நிமிடம் மோட்டாரை நிறுத்திவைக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கூட்டவில்லை. இப்படி ‘இது ஓடினால் அது ஓடாது’ என்று வீட்டார் ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஜோடியும் ஜெனரேட்டரின் அளவைக் குறைக்கும். ஆனால் அந்த ஒப்பந்தத்தை அடுக்களையில் நிற்பவரையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: தொடக்க இழுவையை அளப்பது

தொடக்க இழுவையை வாட்டில் அளப்பதைவிட ஆம்பியரில் அளப்பதே சரி. காரணம் சற்று விளக்கத்துக்குரியது. ஜெனரேட்டர் என்பது உண்மையில் இரண்டு இயந்திரங்கள்: பெட்ரோலை எரித்துச் சுழலும் எஞ்சின் ஒன்று, அந்தச் சுழற்சியை மின்சாரமாக்கும் ஆல்டர்னேட்டர் இன்னொன்று. எஞ்சினுக்குச் சுமையாக வருவது வாட். ஆல்டர்னேட்டருக்குச் சுமையாக வருவது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய தொகை, அதாவது விஏ; ஆயிரம் விஏ சேர்ந்தது ஒரு கேவிஏ. தொடங்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் காந்தப்புலத்தை எழுப்பவே போய்த் திரும்புகிறது. ஆகவே அந்தக் கணத்தில் வாட் கூடுவதைவிட விஏ அதிகமாக எகிறும். எஞ்சின் தாங்கிக்கொள்ளும் தொடக்கத்தில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இழந்து துவள்வது இதனால்தான். 

அளப்பதற்குத் தொடக்க மின்னோட்டத்தைப் பிடிக்கும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டர் வேண்டும். அதன் சுழல் ஸ்விட்சிலோ பொத்தானிலோ `INRUSH` என்று எழுதியிருக்கும். சாதாரண கிளாம்ப் மீட்டரின் திரை அந்தக் குறுகிய உச்சத்தைக் காட்டுவதற்குள் அது கடந்துபோயிருக்கும். மீட்டரின் வாயை ஃபேஸ் ஒயர் ஒன்றை மட்டும் சுற்றிப் போட வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளைச் சுற்றிப் போட்டால் ஒன்றையொன்று அழித்துச் சுழியைக் காட்டும். ஒயரைப் பிரித்து எடுக்க வேண்டியிருப்பதால் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

அந்த மீட்டர் கிடைக்கவில்லை என்றால், ஓடும் ஆம்பியரை அறிந்து பெருக்கிக்கொள்ளலாம். போர்வெல் மோட்டாரின் பேனல் போர்டில் ஓர் ஆம்பியர் மீட்டர் முன்பக்கத்திலேயே இருக்கும். அதை எட்டிப் பார்த்தாலே போதும். தண்ணீர் மோட்டார்களுக்கு நான்கரை மடங்கு என்றும், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் இல்லாத பழைய வகை ஃப்ரிட்ஜுக்கு ஆறு மடங்கு என்றும் வைத்துக்கொண்டால் பெரிய தவறு நேராது. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃப்ரிட்ஜ் மெதுவாக வேகமெடுப்பதால் அதற்குத் தனியாக எதுவும் கூட்ட வேண்டாம்.

நம் வீட்டுச் சம்ப் மோட்டார் ஓடும்போது 3 ஆம்பியர், தொடங்கும்போது 13 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 விஏ. போர்வெல் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர், தொடங்கும்போது 45 ஆம்பியர். பெருக்கினால் 10,350 விஏ.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இவை பெஸ்காம் மின்சாரத்தில், 230 வோல்ட் அசையாமல் நிற்கும்போது எடுத்த அளவுகள். ஜெனரேட்டரில் மோட்டார் தொடங்கும்போது வோல்டேஜ் சற்று இறங்கும். இறங்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அதே விகிதத்தில் குறையும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் இரண்டும் 0.8 ஆகி, பெருக்கினால் 0.64, அதாவது தேவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். ஒரு நொடி அளவுக்கு இந்த இறக்கத்தை எல்இடி விளக்கும் லேப்டாப் சார்ஜரும் பொருட்படுத்தாது. ஆனால் மோட்டாரின் சுழற்று விசையும் அதே 0.64-க்குக் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. மோனோபிளாக் போன்ற மையவிலக்குப் பம்புகள் தொடக்கத்தில் வேகம் குறைவாக இருக்கும்வரை அதிக விசை கேட்பதில்லை, அதனால் தப்பித்துக்கொள்ளும். இதற்கு மேலும் வோல்டேஜ் இறங்கலாம் என்று கணக்குப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சில கடைக்காரர்கள் போடுகிறார்கள், அதனால்தான் சிறிய ஜெனரேட்டரைக் காட்டி ‘தாராளமாக இழுக்கும்’ என்கிறார்கள்.

ஆக, சம்ப் மோட்டாரின் தொடக்கத் தேவை 1,900 விஏ, போர்வெல் மோட்டாரின் தொடக்கத் தேவை 6,600 விஏ என்று குறித்துக்கொள்வோம்.

நான்காம் படி: இரண்டு தொகைகளையும் போடுவது

அடிச்சுமை 1,000 வாட் என்பதை விஏ-வாக மாற்றினால் சுமார் 1,100 வரும். அதன்மேல் சம்ப் மோட்டார் தொடங்கினால் அந்தக் கணத்தின் தேவை 3,000 விஏ. அதற்குப் பதிலாகப் போர்வெல் மோட்டார் தொடங்கினால் 7,700 விஏ.

வீட்டின் மற்ற எல்லாப் பொருள்களும் அப்படியே இருக்க, ஒரேயொரு மோட்டாரால் ஜெனரேட்டர் 3 கேவிஏ என்ற இடத்திலிருந்து 7.5 கேவிஏ-வையும் தாண்டிப் போகிறது. விலை மட்டும் அல்ல, வகையே மாறிவிடுகிறது. கையால் உருட்டிப் போகக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டருக்குப் பதிலாக, தரையில் நிலையாக வைக்க வேண்டிய, பெரும்பாலும் டீசலில் ஓடும் பெட்டி வந்து நிற்கிறது. அது நாளில் பெரும்பகுதி 1,000 வாட்டையே சுமந்து, தன் திறனில் ஆறில் ஒரு பங்கில் ஓடும். அவ்வளவு குறைந்த சுமையில் டீசல் எஞ்சின் தேவையான சூட்டை அடைவதில்லை. எரியாத எரிபொருளும் கரியும் சைலன்சரில் படிந்து கறுப்பாக ஒழுகத் தொடங்கும். ‘பெரிதாக வாங்கிவிட்டால் கவலையில்லை’ என்பது டீசலைப் பொறுத்தவரை சரியான அறிவுரை அல்ல.

இந்த வீட்டுக்கு என் முடிவு, போர்வெல்லைக் கணக்கிலிருந்து விலக்குவதே. சம்ப்பில் ஒன்றிரண்டு நாளுக்குத் தண்ணீர் இருக்கும். மின்வெட்டின்போது தேவைப்படுவது அதை மேலே ஏற்றுவது மட்டும்தான். போர்வெல் மோட்டார் மின்சாரம் வந்த பிறகு ஓடட்டும். சம்ப் இல்லாமல் போர்வெல்லிலிருந்து நேராக மேல்தொட்டிக்கே தண்ணீர் போகும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் அடிச்சுமையை முழுவதும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் தொடங்கினால் 6,600 விஏ போதும், 7.5 கேவிஏ அதற்கு ஈடுகொடுக்கும்.

ஐந்தாம் படி: உயரத்துக்கும் ஓய்வுக்கும் விடும் இடம்

பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் சாதாரண பெட்ரோல் எஞ்சினுக்குள் ஒவ்வோர் இழுப்பிலும் போகும் ஆக்ஸிஜனும் குறைவு. 300 மீட்டருக்கு மூன்றரை சதவீதம் என்ற வழக்கமான கணக்கின்படி, எஞ்சினின் திறனில் பத்தில் ஒரு பங்கு இங்கே இல்லை என்றே கொள்ள வேண்டும். மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் ‘எங்கள் வீட்டில் இதே ஜெனரேட்டர்தான், நன்றாக இழுக்கிறது’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எஞ்சின் கடலோரக் காற்றைச் சுவாசிக்கிறது. இந்தக் கழிவு எஞ்சினுக்கு மட்டுமே, அதாவது வாட் கணக்குக்கு மட்டுமே. இந்த உயரத்தில் ஆல்டர்னேட்டருக்குக் குறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, மணிக்கணக்கில் ஓடும் ஜெனரேட்டரை அதன் திறனில் எண்பது சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. நம் வீட்டில் நீண்ட நேரம் ஓடக்கூடிய சுமை 1,600 வாட். அதை 0.9-ஆல் வகுத்தால் 1,780, மீண்டும் 0.8-ஆல் வகுத்தால் 2,225 வாட். மிக்ஸி ஓடும் ஐந்து நிமிடத்துக்கு இந்த ஓய்வு தேவையில்லை, 1,750-ஐ 0.9-ஆல் வகுத்து வரும் 1,945 வாட் மட்டும் போதும், அது ஏற்கெனவே இதற்குள் அடங்குகிறது.

ஆகவே கடைக்குக் கொண்டுபோக வேண்டிய எண்கள் இரண்டு: தொடர்ந்து தர வேண்டியது குறைந்தது 2,225 வாட், தொடக்கக் கணத்தில் தர வேண்டியது 3,000 விஏ.

ஆறாம் படி: ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையைப் படிப்பது

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ‘மூன்று கேவிஏ’ என்று வாயால் சொல்லப்படுவது பெரும்பாலும் உச்சத் திறன். பெயர்ப்பலகையில் `Rated` என்றும் `Max` என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தொடர்ந்து தரக்கூடியது. இரண்டாவது குறுகிய நேரத்துக்கு மட்டும் தரக்கூடியது. நம் வாட் தொகையை முதல் எண்ணோடும், தொடக்க விஏ தொகையை இரண்டாம் எண்ணோடும் ஒப்பிட வேண்டும். எண் கேவிஏ-வில் இருந்தால் அருகே பவர் ஃபேக்டர், அதாவது விஏ-வில் எத்தனை பங்கு வாட் என்ற விகிதம், என்ன போட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 0.8 என்றிருந்தால் 2.8 கேவிஏ என்பது 2,240 வாட் மட்டுமே.

அப்படிப்பட்ட 2.8 கேவிஏ, உச்சம் 3 கேவிஏ என்ற ஜெனரேட்டர் நம் இரண்டு எண்களையும் மயிரிழையில் தொடுகிறது. அதை வாங்கினால், மோட்டாரைப் போடுமுன் இன்வெர்ட்டரின் சார்ஜை அணைக்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். விலை இடம் கொடுத்தால் அதற்கு அடுத்த அளவை, 3.5 கேவிஏ-வுக்குப் பக்கத்தில் உள்ளதை, எடுப்பதே என் பரிந்துரை. மோட்டாரின் கண்டென்சர் பழையதாகி வலுவிழந்தால் தொடக்க இழுவை நீளும். அதற்கான இடம் அப்போதுதான் இருக்கும்.

சிறிய ஜெனரேட்டர்களில் வோல்டேஜைக் கட்டுப்படுத்த இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஏவிஆர் எனப்படும் தானியங்கிக் கட்டுப்பாடு உள்ளவை, வோல்டேஜ் இறங்கும்போது காந்தப்புலத்தைக் கூட்டி அதை மீட்கப் பார்க்கும். கண்டென்சரை மட்டும் நம்பியவை மோட்டார் இழுக்கும்போது மேலும் துவண்டுவிடும். தண்ணீர் மோட்டார் ஓட்ட வேண்டிய வீட்டுக்கு ஏவிஆர் உள்ளதுதான் பொருந்தும். சத்தமில்லாத இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் லேப்டாப்புக்கு மிக நல்ல மின்சாரத்தைத் தரும். ஆனால் அவற்றின் மின்னணுப் பாதுகாப்பு, உச்சத்தைத் தாண்டிய உடனே துண்டித்துவிடும் இயல்புடையது. அவற்றில் பெயர்ப்பலகையின் உச்ச எண்ணுக்கு மேல் ஒரு சலுகையும் எதிர்பார்க்க முடியாது.

ஏழாம் படி: வரிசையும் சோதனையும்

இரண்டு மோட்டார்கள் ஒரே கணத்தில் தொடங்கும் சந்தர்ப்பம் என்று முன்பு சொன்னது, ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டுக்குள் வரும் முதல் நொடிதான். வெகுநேரம் நின்றிருந்த ஃப்ரிட்ஜ், ஸ்விட்ச் போட்டபடியே விடப்பட்ட சம்ப் மோட்டார், பசியோடிருக்கும் பேட்டரி எல்லாம் அப்போது ஒன்றாகக் கேட்கும். ஆகவே எல்லா எம்சிபி-களையும் இறக்கிவிட்டு ஜெனரேட்டரைத் தொடங்கி, ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, முதலில் பெரிய மோட்டாரைத் தொடங்க வேண்டும். பிறகு ஃப்ரிட்ஜ், அதன்பின் மற்றவை. ஃப்ரிட்ஜ் நின்று ஐந்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் போட்டால் கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாகாமல், வோல்டேஜ் சற்றே குறைந்தாலும் அது சுழல முடியாமல் நின்றுவிடும். அணைக்கும்போதும் மோட்டாரை முதலில் நிறுத்திவிட்டே ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். போர்வெல் மோட்டாரை ஓட்டுகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டுக்குள் வரும் வழி, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சாகவே இருக்க வேண்டும். இரு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர்ச் சாக்கெட்டில் சொருகி மின்சாரம் ஏற்றுவது, தெருவில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேனைக் கொல்லக்கூடிய செயல். ஜெனரேட்டரைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மூடிய பார்க்கிங்கில் கார்பன் மோனாக்சைடு சேரும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் வீட்டிலேயே ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். வோல்டேஜோடு அலைவெண்ணையும் காட்டும் மல்டிமீட்டர் ஒன்றைச் சாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அடிச்சுமை முழுவதையும் போட்டுவிட்டு, பிறகு சம்ப் மோட்டாரைத் தொடங்க வேண்டும். வோல்டேஜ் கணநேரம் 185 அளவுக்கு இறங்கி உடனே மீண்டால் நம் கணக்கு சரி. சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் அலைவெண் முழுச் சுமையில் 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எங்கே குறை என்பதையும் இந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுக்கும். வோல்டேஜ் மட்டும் சரிந்து அலைவெண் நிலையாக நின்றால் ஆல்டர்னேட்டர் போதவில்லை. அலைவெண்ணும் சேர்ந்து சரிந்து, எஞ்சின் மூச்சுத் திணறும் சத்தம் கேட்டால், போதாதது எஞ்சின். ஒருவேளை நம் உயரத்துக் கழிவை யாரோ கணக்கில் விட்டிருக்கிறார்கள்.

மோட்டார் உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றால் இரண்டு மூன்று நொடிக்கு மேல் காத்திருக்காமல் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். நான்கு மடங்கு மின்னோட்டம் என்றால் சுருளில் பதினாறு மடங்கு வெப்பம். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று இரண்டு மூன்று முறை முயன்றால் மோட்டார் எரிந்துபோகும். அதே மோட்டார் பெஸ்காம் மின்சாரத்திலும் சற்றுத் தயங்கித்தான் வேகமெடுக்கிறதா என்று அடுத்ததாகப் பாருங்கள். அங்கேயும் தயங்கினால் குற்றம் ஜெனரேட்டருடையது அல்ல. கண்டென்சரின் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபேரட் அளவோடு எலக்ட்ரீஷியன் மீட்டரில் காட்டும் அளவை ஒப்பிட்டு, பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதை மாற்றிவிட்டு, சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.